சிங்கப்பூரின் அரை மணி

மணி என்ன என்று கேட்டால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அந்த அம்மா கேட்டவரைப் பார்ப்பார். பிறகு, "எந்த ஊர் மணி?" என்பார். முதல் தடவை கேட்பவர்களுக்கு இது திமிராகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பழகிய பிறகுதான் அது அவருக்கு நிஜமான சந்தேகம் என்று புரிந்தது. மாட வீதியில் நின்றுகொண்டு மணி கேட்கிற பெரியவருக்கு வேண்டியது நியூஜெர்சியில் மகன் எழுந்துவிட்டானா என்பதாக இருக்கலாம் அல்லவா?

ஆள் ஒல்லி. ஐம்பதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஒரு ரெக்ஸின் பை, எண்ணெய் வைத்து இழுத்து முடிந்த கொண்டை. வெளிநாட்டு டிரங்க் கால்களை இணைத்துக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷமாக ஆபரேட்டர். அடையாறில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் தனியாக இருந்தார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது என்று அழுதுகொண்டிருப்பவர்களிடமும் சிரித்துக்கொண்டிருப்பவர்களிடமும் ஒரே குரலில் சொல்லிச் சொல்லி, அந்தக் குரலே அவருக்கு நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதுதான் ஆபத்து.

அவருடைய கைக்கடிகாரத்தில் ஒரு வித்தை இருந்தது. சாதாரண முள் கடிகாரம்தான், நம் ஊர் மணிதான் காட்டும். ஆனால் மணிக்கட்டிலிருந்து கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் கிரீன்விச் மணி. நான் நம்பவில்லை. என் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தேன். சரியாகப் பன்னிரண்டு. தலைகீழாகத் திருப்பினால் இரண்டு முள்ளும் கீழே தொங்கி ஆறரை போலத் தெரிந்தது. லண்டனுக்கும் நமக்கும் அஞ்சரை மணி வித்தியாசம், பன்னிரண்டில் அஞ்சரை போனால் ஆறரை. "அந்த அரை மணி இருக்கறதாலதான் இது நடக்கறது. முழு அஞ்சு மணியா இருந்தா நடக்காது. அரை மணியை யாரும் மதிக்கறதில்ல, அதுக்கும் ஒரு உபயோகம் இருக்கு பாருங்கோ" என்றார். அன்றைக்கு முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கடை என்று சொன்னேனே, அது என் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை. தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் எட்டுக்குப் பத்து அறை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் ஒரு கம்ப்யூட்டர், கர்ர் கர்ர் என்று தெருவையே எழுப்பும் ஒரு பிரின்டர், ஒரு மேஜை விசிறி. தேதி, நேரம், ஊர் மூன்றையும் சொன்னால் பத்து நிமிஷத்தில் பதினெட்டுப் பக்க ஜாதகம். பஞ்சாங்கத்தைப் புரட்டி விரல்விட்டு எண்ணும் ஜோசியர்களை நினைத்தால் எனக்கு இளக்காரம். மெஷின் தப்பு செய்யாது என்று வருகிறவர்களிடம் சொல்லுவேன். அதைச் சொல்லும்போது நானே மெஷின் மாதிரி நிமிர்ந்து உட்காருவேன்.

அவர் முதல் தடவை வந்தது ஒரு புதன்கிழமை காலை. கையில் நான் போட்டுக் கொடுத்த ஜாதகம் ஒன்று.

"இது நீங்க போட்டதுதானே?"

"ஆமாம் மேடம். கீழே கடை முத்திரை இருக்கே."

"பையன் சிங்கப்பூர்ல பிறந்தவன். அறுபத்தொன்பது, புரட்டாசி மாசம், காலம்பற ஏழு நாப்பது. இது எந்த மணி?"

"சிங்கப்பூர் மணிதான். பிறந்த ஊர் மணியைத்தான் போடுவோம்."

"எப்போத்திய சிங்கப்பூர் மணி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணியில் பழசு புதுசு உண்டா என்றேன். அவர் சிரிக்கவில்லை. முதல் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார். சூரிய உதயம் 6.52 என்று இருந்தது.

"அந்த ஊர் பூமத்தியரேகைக்குப் பக்கத்துல இருக்கு. அங்க வருஷம் பூரா சூரியன் கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்குத்தான் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல ஆறரையை ஒட்டி விடிஞ்சுடும்னு அந்தப் பக்கத்து ஆபரேட்டர் சொல்லுவா. ஏழு மணிக்கு விடியறதெல்லாம் எண்பத்திரண்டுக்கு அப்புறம்தான். நீங்க அறுபத்தொன்பதாம் வருஷத்துப் பையனுக்கு எண்பத்திரண்டாம் வருஷத்து சூரியனைப் போட்டிருக்கேள்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் கண் சுவருக்குப் போனது. ஏனென்றால் அந்த மென்பொருளில் ஊரின் மணி கிரீன்விச்சுக்கு எவ்வளவு முன்னால் என்பதை நாம்தான் அடிக்க வேண்டும். நம் ஊர் என்றால் அஞ்சரை. வெளிநாடு என்றால் ஒரு டைரியின் கடைசிப் பக்கத்திலிருந்து உலக நேரப் பட்டியலைக் கிழித்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன், அதைப் பார்த்து அடிப்பேன். சிங்கப்பூர் எட்டு. அது தொண்ணூற்று நாலாம் வருஷத்து டைரி.

அவர் நிதானமாக விளக்கினார். சிங்கப்பூர் இருக்கும் இடத்துக்கு இயல்பாக ஏழு மணி நேரம்தான் வரும். முதலில் ஏழுதான் வைத்திருந்தார்கள். சாயங்காலம் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் கிடைக்கட்டும் என்று முப்பதுகளில் இருபது நிமிஷம் கூட்டினார்கள். பிறகு இன்னும் பத்து நிமிஷம் கூட்டி ஏழரை ஆக்கினார்கள். ஜப்பான்காரன் பிடித்தபோது டோக்கியோ மணி, அதாவது ஒன்பது. அவன் போனதும் மறுபடி ஏழரை. அந்த ஏழரை முப்பத்தாறு வருஷம் நின்றது. எண்பத்திரண்டு பிறந்தபோது மலேசியா தன் மேற்குப் பாதியையும் போர்னியோ பக்கத்துப் பாதியையும் ஒரே மணிக்குக் கொண்டுவர எட்டுக்கு மாறியது, பக்கத்தில் இருந்த சிங்கப்பூரும் கூடவே மாறியது.

"எங்க போர்டுக்கு மேல ஒரு சார்ட் தொங்கும். சிங்கப்பூர்னா நம்மளைவிட ரெண்டு மணி முன்னாடின்னு எழுதியிருக்கும். அன்னிக்கு நான்தான் அதை அடிச்சு ரெண்டரைன்னு எழுதினேன். என் கையெழுத்து இன்னும் அங்க இருக்கு."

இதற்கெல்லாம் ஜாதகத்தில் என்ன என்று கேட்பீர்கள். பிறந்த நேரத்தில் கிழக்கே எந்த ராசி உதிக்கிறதோ அதுதான் லக்னம். பன்னிரண்டு ராசி ஒரு நாளில் சுற்றி வர வேண்டும், ஆகவே ஒரு ராசிக்குச் சுமார் இரண்டு மணி நேரம். அரை மணி தவறினால் நாலில் ஒருவருக்கு லக்னமே மாறிவிடும். அந்தப் பையன் அந்த நாலில் ஒருவன். நான் போட்ட கணக்கில் கன்னி லக்னம் முடியப்போகிற இடம். அங்கிருந்து எண்ணினால் தனுசில் இருக்கும் செவ்வாய் நாலாம் வீடு. இரண்டு, நாலு, ஏழு, எட்டு, பன்னிரண்டில் செவ்வாய் இருந்தால் கல்யாணத்துக்கு ஆகாது என்பார்கள். செவ்வாய் தோஷம். ஏழரை என்று அடித்துப் பார்த்தேன். பிரின்டர் நிதானமாகக் கர்ர் கர்ர் என்று இழுத்தது. துலா லக்னம். செவ்வாய் மூன்றில். தோஷம் இல்லை. சூரிய உதயம் 6.22.

"பாருங்கோ, சூரியனும் எழுந்துடுத்து" என்றார்.

விஷயம் இதுதான். எக்ஸ்சேஞ்சில் அவருக்குப் பக்கத்து சீட்டில் ஓர் இளம்பெண் வேலை பார்த்தாள். தி.நகர்க் குடும்பம், அப்பாவுக்குப் பாத்திரக் கடை. இந்தப் பையனை அவளுக்குப் பேசினார்கள். பையன் சென்னையில் வேலை பார்க்கிறான், அவனுடைய அப்பா அம்மா சிங்கப்பூரிலேயே இருக்கிறார்கள். கோயிலில் வைத்துப் பெண் பார்த்து, இருவரும் கால் மணி நேரம் பேசி, இருவருக்கும் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு என் காகிதம் போய்ச் சேர்ந்தது. பெண்ணுக்கு தோஷம் கிடையாது, பையனுக்கு உண்டு, பெண்ணின் உயிருக்கே ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து வேறு பையன் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஃபிராங்க்ஃபர்ட்டை இணைத்துக்கொண்டே அழுதிருக்கிறாள்.

"உங்களுக்கு ஜோசியத்தில் அவ்வளவு நம்பிக்கையா மேடம்?" என்று கேட்டேன்.

"துளிக்கூடக் கிடையாது. செவ்வாய் எங்க இருந்தா எனக்கென்ன? ஆனா மணி தப்பா இருக்கே. அதை எப்படி விடறது?"

சாயங்காலம் தி.நகருக்கு வர வேண்டும் என்றார். நான் தட்டிக் கழித்தேன். புதுக் காகிதத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன். கடையின் பெயர் கெட்டுவிடும் என்பதுதான் என் பயம், அதை எதற்கு மறைக்க வேண்டும். அவர் குரலை இன்னும் கொஞ்சம் இறக்கினார். "தப்புக் காகிதத்துல உங்க முத்திரை இருக்கு. நல்ல காகிதத்தை நான் கொண்டுபோனா யார் நம்புவா?"

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். எனக்குத் தைரியம் சொல்வதற்காகத்தான் பேசினார் என்று இப்போது தோன்றுகிறது. ரயில் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மணி இருந்ததாம். சூரியன் உச்சிக்கு வந்தால் பன்னிரண்டு, அவ்வளவுதான். ஒரு டிகிரி கிழக்கே போனால் நாலு நிமிஷம் முன்னால், மேற்கே போனால் நாலு நிமிஷம் பின்னால். மாட்டு வண்டிக்கு அது போதும். ரயிலுக்குப் போதாது. ஊருக்கு ஒரு மணி வைத்தால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில் எதிரெதிராக வந்து நிற்கும். முதலில் இங்கிலாந்து ரயில்காரர்கள் எல்லா ஸ்டேஷனுக்கும் கிரீன்விச் மணி என்றார்கள். அமெரிக்கா ரொம்ப அகலம், ஒரே மணி சரிப்படாது. அங்கே ரயில் கம்பெனிகள் நாட்டை மணிக்கு ஒரு பட்டையாகப் பிரித்துக்கொண்டன. அடுத்த வருஷம், 1884இல், நாடுகள் வாஷிங்டனில் கூடிக் கிரீன்விச்சை பூஜ்யம் என்று வைத்தன. பூமி முழுச் சுற்று 360 டிகிரி, ஒரு நாளைக்கு 24 மணி, ஆகவே பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி.

"நம்ம ஊர்ல அப்போ ரயிலுக்கு மெட்ராஸ் மணி. தெரியுமோ? பம்பாய் ரயிலும் கல்கத்தா ரயிலும்கூட மெட்ராஸ் மணிக்குத்தான் ஓடித்து. ரெண்டு ஊருக்கும் சுமாரா நடுவுல நாமதானே இருந்தோம்" என்றபோது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அப்புறம் ஏன் அஞ்சரை? அஞ்சு, ஆறுன்னு முழுசா வைக்கக் கூடாதா?"

"வெச்சா என்ன ஆகும்? அஞ்சு வெச்சா மார்கழியில கல்கத்தாக்காரன் நாலரைக்கே விளக்கு ஏத்தணும். ஆறு வெச்சா பம்பாய்ல விடியறதுக்கே ஏழே முக்கால் ஆயிடும். நாட்டுக்கு நடுவுல போற கோடு எண்பத்திரண்டரை டிகிரி. அதைப் பதினஞ்சால வகுத்துப் பாருங்கோ, அஞ்சரைதான் வரும். அதைத்தான் 1906ல வெச்சா. அப்பவும் பம்பாயும் கல்கத்தாவும் முரண்டு பிடிச்சு ரொம்ப வருஷம் அவா அவா சொந்த மணியை வெச்சுண்டிருந்தா. நம்ம மயிலாப்பூர் சூரியனும் அந்தக் கோட்டுக்கு ஒன்பது நிமிஷம் லேட்டுதான். ஈரான், பர்மா, ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு, எல்லாருக்கும் இதே கதைதான். ரெண்டு பட்டைக்கு நடுவுல மாட்டிண்டவா பாதியா பேரம் பேசி வாங்கின அரை மணி. நேபாளம் இன்னும் ஒரு படி மேல போய் நமக்குக் கால் மணி முன்னாடி நிக்கறது."

பாண்டி பஜார் நெரிசலில் ஆட்டோ நின்றபோது எனக்கு அடிலெய்டு ஞாபகத்தில் இல்லை. பாத்திரக் கடைக்காரர் என்னை அடிப்பாரா மாட்டாரா என்பதுதான் ஞாபகத்தில் இருந்தது.

அவர் அடிக்கவில்லை. விருதுநகர்ப் பக்கத்து மனுஷர், கனத்த மீசை, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து முதலில் காபி கொடுத்தார். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, எம்மக உங்ககிட்ட அழுதாளாக்கும்? கல்யாணம் நடக்கணும்னு நீங்க ரெண்டு பேரும் சேந்து மணிய மாத்திக் கொண்டாந்தீகளா?"

சமையலறை வாசலில் நின்ற பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் மாத்தலை. சிங்கப்பூர் மாத்தித்து. என்னை நம்ப வேண்டாம், இந்த சாரையும் நம்ப வேண்டாம். பையனோட அப்பாவுக்கு இப்பவே போன் போடுங்கோ. இங்க ஆறரை, அங்க ஒன்பது, சாப்பிட்டு உக்காந்திருப்பார். ஜாதகம்னு ஒரு வார்த்தை பேசாதீங்கோ. எண்பத்திரண்டு பிறந்த அன்னிக்கு வீட்டுக் கடிகாரத்தை என்ன பண்ணினேள்னு மட்டும் கேளுங்கோ."

அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு போனை இழுத்து வைத்துக்கொண்டு எண்களைச் சுழற்றினார். நலம் விசாரித்தார். சும்மாதான் கேட்கிறேன் என்று ஆரம்பித்து, சொல்லிக் கொடுத்தபடியே கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து கடகடவென்று சிரிப்பு கூடம் வரை கேட்டது. இவர் 'ம்', 'ம்' என்றார். 'பதினொன்றரைக்கேவா' என்றார். ரிசீவரை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"புது வருசத்துக்கு முந்தின ராத்திரி பதினொன்றரை ஆனதும் முள்ளைத் தூக்கிப் பன்னெண்டுல வச்சாகளாம். அரை மணி நேரம் காணாமப் போச்சு, அந்த அரை மணிய இன்னைக்கு வரைக்கும் யாரும் திருப்பித் தரலேன்னு சிரிக்காரு."

அவ்வளவுதான். மதுரைக்காரர்களுக்கு மறுநாளே ஆள் அனுப்பினார். வைகாசியில் கல்யாணம். அந்தப் பெண் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது மட்டும் எனக்குத் தெரியும், உள்ளே சிரித்தாளா அழுதாளா என்று தெரியாது. நான் பெருமூச்சு விட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பாத்திரக் கடைக்காரர் பின்னாலிருந்து கேட்டார்.

"தம்பி, இதுக்கு முன்னால எத்தனை பேருக்கு இப்படிப் போட்டுக் கொடுத்தீக?"

நான் குனிந்து செருப்பு வாரையே சரிசெய்துகொண்டிருந்தேன். அந்த அம்மா அதைக் கவனித்துவிட்டார். மறுநாள் காலை கடை திறக்கும்போது வாசலில் நின்றார்.

என் கடையில் ஒரு நோட்டு உண்டு. வந்தவர் பெயர், விலாசம், பிறந்த விவரம் எல்லாம் அதில் இருக்கும். நாலு நாள் உட்கார்ந்து பார்த்தோம். அவர் டியூட்டிக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் வருவார், நான் பெயர்களைப் படிப்பேன், அவர் விரலை மடக்குவார். சிங்கப்பூர், பினாங்கு, கோலாலம்பூர், எண்பத்திரண்டுக்கு முன் பிறந்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். எல்லோருக்கும் மறுபடி கணக்குப் போட்டேன். அரை மணியில் சந்திரன் கால் டிகிரிக்கு மேல் நகர்ந்துவிடுகிறது, அதனால் பதினோரு பேருக்கும் தசை இருப்பு, அதாவது பிறந்தபோது நடந்த தசையில் மிச்சக் காலம், சில வாரம், சில மாதம் என்று பிசகியிருந்தது. லக்னமே மாறியது மூன்று பேருக்கு. ஒருவன் நம் தி.நகர் மாப்பிள்ளை. இன்னொருவன் ஏற்கெனவே கல்யாணமாகி இரண்டு குழந்தைக்கு அப்பா. மூன்றாவது, கோபாலபுரத்தில் ஒரு பெண். நான் அவளுக்குச் செவ்வாய் ஏழில் என்று போட்டுக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உண்மையில் செவ்வாய் ஆறில். தோஷம் கிடையாது.

அந்த வீட்டை எனக்குத் தெரியும். அந்த அம்மாள், அதாவது பெண்ணின் தாயார், இடையில் இரண்டு தடவை கடைக்கு வந்து, தோஷமுள்ள பையன் ஜாதகம் ஏதாவது வந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். கல்யாணம் ஆகியிருந்தால் ஏன் கேட்கப் போகிறார்?

"நாளைக்குக் காலம்பற போயிட்டு வந்துடுங்கோ" என்றார் மேடம்.

"புதுசாப் போட்டு தபால்ல அனுப்பிடறேன்."

"தபால்ல வேண்டாம்."

"இப்போ போய்ச் சொல்லி என்ன மேடம் ஆகப்போகுது? போன ரெண்டு வருஷம் திரும்பி வருமா? அவங்க என்னைச் செருப்பால அடிப்பாங்க. ஊர் பூரா பரவும். நான் கடையை மூடிட்டு எங்கே போவேன்?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு நல்ல காரியம் செய்தாயிற்று, அதோடு விட்டால் என்ன என்று உள்ளுக்குள் அவர்மேல் எரிச்சலாக வந்தது. பல் பிடுங்குகிறவர் ஒரு பல்லோடு விட மாட்டேன் என்கிறாரே.

அவர் பைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

"நான் நாப்பத்தி நாலுல பிறந்தவ. இங்கதான், கச்சேரி ரோட்டுக்குப் பின்னாடி. அப்போ யுத்தம். யுத்தத்துக்காக நாப்பத்திரண்டுல நம்ம கடிகாரத்தையெல்லாம் ஒரு மணி முன்னாடி தள்ளிட்டா. நாப்பத்தஞ்சுல யுத்தம் முடிஞ்சதும் திரும்ப வெச்சுட்டா. எங்கப்பா ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்து என் நேரத்தை எழுதி வெச்சார். ஜாதகம் எழுதினது எனக்கு ஆறு வயசுல. எழுதினவருக்கு அந்த ஒரு மணி ஞாபகம் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. எட்டுல செவ்வாய்னு எழுதிட்டார்."

நான் விசிறியை நிறுத்தினேன். சத்தம் இடைஞ்சலாக இருந்தது.

"எண்பத்திரண்டுல சிங்கப்பூர் மாத்தினப்போ, நம்ம ஊர்லயும் எப்பவாவது இப்படி மாத்தியிருக்காளான்னு எங்க சூபர்வைசரைச் சும்மா கேட்டேன். அவர்தான் யுத்த மணியைச் சொன்னார். ஆத்துக்குப் போய் ஒரு பஞ்சாங்கத்தை வெச்சுண்டு நானே கணக்குப் போட்டேன். எட்டுல இல்லை, ஒன்பதுல. அப்போ எனக்கு முப்பத்தெட்டு. அப்பா போயாச்சு. எழுதினவரும் போயாச்சு. பதினாறு வரன் வந்து போயிருந்தது, அம்மா எண்ணிண்டு இருந்தா." பாட்டிலை மூடினார். "நான் அழலை. எனக்கு வேலை இருந்தது, பிடிச்ச வேலை. ஆனா முப்பத்தெட்டு வயசு வரைக்கும் எனக்குள்ள ஏதோ கோளாறுன்னு நான் நம்பிண்டிருந்தேனே, அது கோளாறே இல்லைன்னு ஒருத்தராவது வந்து சொல்லியிருக்கலாம். முன்னாடியே தெரிஞ்சவா யாராவது இருந்திருப்பா. யாரும் வரலை."

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். இரவு கோபாலபுரத்துப் பெண்ணின் ஜாதகத்தைப் புதிதாக அடித்து முத்திரை போட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கே கோபாலபுரம் போய்விட்டேன். பழைய வீடு, முன்னால் ஒரு மாமரம். நல்ல சேதி கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து அந்தத் தாயார் முகம் மலர்ந்து கதவைத் திறந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். மென்பொருளுடையது இல்லை, டைரியுடையது இல்லை, விசாரிக்காமல் அடித்த என் கையுடையது என்றேன். தாயார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தார். ரொம்ப நேரம் திட்டினார். ஒரு வார்த்தையும் நியாயமில்லாத வார்த்தை இல்லை.

அந்தப் பெண் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கிளம்பத் தயாராகப் புடவையில் பின் குத்திக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கட்டங்களைப் பார்த்தாள், ஒன்றும் புரிந்திருக்காது. அம்மாவின் சத்தம் ஓயும் வரை காத்திருந்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"ரெண்டு வருஷமா செவ்வாய்க்கிழமையானா எனக்குப் பட்டினி விரதம் சார். ஸ்கூல்ல பசங்களை வெச்சுண்டு தலை சுத்தும். அப்போ நாளைக்கு நான் சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம்மா" என்றேன். தாயார் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து அடையாறுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லிட்டேன் மேடம்."

"என்ன சொன்னா?"

"நாளைக்குச் சாப்பிடலாமான்னு கேட்டா. செவ்வாய்க்கிழமை விரதமாம்."

லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ என்றேன். மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஏதோ கேட்டது. பிறகு எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அதே குரல் வந்தது.

"சரி. இன்னும் ஒன்பது பேர் பாக்கி. நோட்டு கையில இருக்கா? அடுத்த பேர் யாரு?"